இரண்டு பேரேடும் நடுவில் ஒரு தாளும்

1978ஆம் ஆண்டு விருதுநகரில் ஒரு வத்தல் மண்டியில் கணக்கெழுதும் பையனாகச் சேர்ந்தேன். பெட்டியடியில் முதலாளி உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பின்னால், சுவரோரமாக ஒரு சாய்வு மேசை. அதில்தான் பேரேடு இருக்கும். மாசி, பங்குனியில் ராமநாதபுரம் சீமையிலிருந்து குண்டு வத்தல் வரத் தொடங்கினால் இரவு பத்து மணி வரை வேலை ஓயாது. மூக்கில் நெடி ஏறித் தும்மிக்கொண்டேதான் பற்றும் வரவும் எழுதக் கற்றேன்.

அந்த மண்டியில் ஆண்டுதோறும் ஒரு தனிக் கணக்கு வரும். பரமக்குடி வியாபாரி ஒருவரும் எங்கள் முதலாளியும் சேர்ந்து ஒரு பருவத்துக்கு மட்டும் வத்தல் வாங்கி விற்பார்கள். அவர் அங்கே சந்தையிலும் களத்திலும் வாங்கி அனுப்புவார். இவர் இங்கே விற்பார். லாபம் ஆளுக்கு எட்டணா. ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கு 1957இல் பைசா வந்ததோடு சட்டப்படி முடிந்துவிட்டது. ஆனாலும் இருபது ஆண்டுகள் கழித்தும் பங்கை அணாவில்தான் பேசினார்கள். சரக்கு விற்றுத் தீர்ந்ததும் கூட்டும் தீர்ந்துவிடும். அதற்குப் பெயர்ப்பலகையோ தனிப் பேரேடோ தனி வங்கிக் கணக்கோ கிடையாது.

வணிகவியல் பாடம் இதை இணைவினை என்று சொல்லும். சட்டமும் இதை அறியும். 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், ஒரு குறிப்பிட்ட காரியத்துக்காக மட்டும் இருவர் கூட்டாளிகளாகலாம் என்று 8ஆம் பிரிவில் சொல்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அந்தக் காரியம் முடிந்ததும் கூட்டும் கலைந்துவிடும் என்பது 42ஆம் பிரிவு. எங்கள் முதலாளி இந்தப் பிரிவுகளைப் படித்தவர் அல்லர். சரக்கு தீர்ந்தால் கணக்கும் தீரவேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

தனிப் பேரேடு இல்லை என்றேனே, சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பரமக்குடிக்காரரின் பேரேட்டில் அவர் கொடுத்ததும் பெற்றதும் மட்டும் இருக்கும். எங்கள் பேரேட்டில் நாங்கள் கொடுத்ததும் பெற்றதும் மட்டும் இருக்கும். ஆக, லாபம் என்ன என்று இரண்டு பேரேட்டில் எதுவும் தனியாகச் சொல்லாது. அதைச் சொல்வதற்காக இரண்டு பக்கத்துத் தொகைகளையும் ஒரு வெள்ளைத்தாளில் கூட்டி எழுதுவோம். அதுதான் நினைவுக் குறிப்புக் கணக்கு. அது எவருடைய பேரேட்டிலும் ஏறாது. லாபத்தைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

ஓர் ஆண்டின் கணக்கைச் சொல்கிறேன். படிப்பதற்கு எளிதாகத் தொகைகளைச் சற்று முழுமையாக்கியிருக்கிறேன். பரமக்குடிக்காரர் 40 குவிண்டால் வத்தலைக் குவிண்டால் 500 ரூபாய்க்கு வாங்கினார். சரக்கு 20,000. சாக்கு, ஏற்றுக்கூலி, லாரி வாடகை 900. இடையில் கைப்பணம் முடைப்பட்டது என்று எழுதியதால் எங்கள் முதலாளி 8,000 ரூபாய்க்கு வங்கி டிராஃப்ட் எடுத்து அனுப்பினார். சரக்கு வந்தபின் இறக்குக்கூலி, எடைக்கூலி, கிட்டங்கி வாடகை என எங்களுக்கு 546 ரூபாய் ஆனது.

கிட்டங்கியில் இருந்த நாட்களில் வத்தல் காய்ந்து ஒரு குவிண்டால் குறைந்தது. மிஞ்சியதில் 36 குவிண்டால் 700 ரூபாய் வீதம் 25,200க்கு விற்றது. விற்றுக் கொடுத்ததற்கு நூற்றுக்கு இரண்டு கமிஷன் என்பது முன்பே பேசியது. அது 504. கடைசி 3 குவிண்டாலை முதலாளி தன் சில்லறைக் கடைக்கென 650 ரூபாய் வீதம் எடுத்துக்கொண்டார். அது 1,950.

இப்போது வெள்ளைத்தாள். இடப்பக்கம் செலவு: சரக்கு 20,000, அவர் செலவு 900, எங்கள் செலவு 546, கமிஷன் 504. கூட்டினால் 21,950. வலப்பக்கம் வருமானம்: விற்பனை 25,200, கடைக்கு எடுத்தது 1,950. கூட்டினால் 27,150. லாபம் 5,200. ஆளுக்கு 2,600.

நாங்கள் அனுப்பிய 8,000 அந்தத் தாளில் இல்லை. புதிதாகச் சேர்ந்த எனக்கு இது பெரிய குழப்பமாக இருந்தது. அவ்வளவு பணம் கையைவிட்டுப் போயிருக்கிறதே, எங்கே எழுதுவது என்று கேட்டேன். மண்டியில் மூத்த கணக்குப்பிள்ளை சொன்ன பதில் இன்றும் நினைவிருக்கிறது. "தம்பி, அது ஒரு சட்டைப்பையிலிருந்து இன்னொரு சட்டைப்பைக்குப் போன பணம். சரக்குக்கு அதைத் தெரியாது." இருவருக்குள் கைமாறிய பணம் லாபத்தைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. அதை நான் செலவில் சேர்த்திருந்தால் 5,200 லாபம் 2,800 நட்டமாக மாறியிருக்கும்.

அந்த 8,000க்கு உரிய இடம் அவரவர் பேரேடு. பரமக்குடிக்காரர் தன் பேரேட்டில் எங்கள் பெயரோடு சேர்த்து ஓர் இணைவினைக் கணக்கு வைத்திருப்பார். அதன் பற்றில் சரக்கு 20,000, செலவு 900, லாபப் பங்கு 2,600 என 23,500. வரவில் நாங்கள் அனுப்பிய 8,000. மீதி 15,500 அவருக்கு வரவேண்டும். எங்கள் பேரேட்டில் அவர் பெயரில் ஒரு கணக்கு. பற்றில் அனுப்பியது 8,000, செலவு 546, கமிஷன் 504, லாபப் பங்கு 2,600 என 11,650. வரவில் விற்பனையும் எடுத்த சரக்குமாக 27,150. மீதி 15,500 நாங்கள் தரவேண்டும்.

ஒரு பேரேட்டில் வரவேண்டியதாகவும் மற்றதில் தரவேண்டியதாகவும் ஒரே தொகை நின்றால் இரு பக்கமும் ஒன்றையே எழுதியிருக்கின்றன என்று பொருள். நிற்காவிட்டால் இருவர் எழுதியதும் எங்கோ வேறுபடுகிறது. இரண்டு பேரேடும் ஒரே தவறைச் செய்திருந்தால் மட்டும் இந்தச் சோதனையில் அது சிக்காது. விற்ற விலையையே குறைத்துச் சொல்லியிருந்தாலும் சிக்காது. அதற்குப் பட்டியலைப் பார்க்கவேண்டும், வாங்கியவரைக் கேட்கவேண்டும், சந்தை விலை தெரிந்திருக்கவேண்டும்.

அன்று அந்தச் சோதனைக்கு நாட்கள் பிடித்தன. விலை ஏறினால் தந்தி, அவசரமானால் டிரங்க் கால், மற்றதெல்லாம் அஞ்சல் அட்டை. விற்பனைப் பட்டியலைத் தபாலில் அனுப்பினால் அவர் பார்த்துப் பதில் போட ஒரு வாரம் ஆகும். அதனால் கடைசித் தீர்வைத் தபாலில் செய்யமாட்டார்கள். சித்திரைக்குப் பின் ஒரு நாள் அவரே தன் பேரேட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி வருவார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு பேரேடும் பாயில் விரியும். நடுவில் வெள்ளைத்தாள். ஒருவர் வாசிக்க மற்றவர் தன் ஏட்டில் விரலை வைத்துத் தேடுவார்.

அந்த ஆண்டு விவாதம் இரண்டு இடத்தில் வந்தது. முதலாவது, கடைக்கு எடுத்த 3 குவிண்டால். "அண்ணாச்சி, ஊரெல்லாம் 700க்கு வித்துட்டு உங்க கடைக்கு மட்டும் 650ஆ?" என்றார் பரமக்குடிக்காரர். கடைசியில் தங்கிய மூட்டைகளில் பழம் நிறம் மங்கி, பொடியும் விதையும் கூடியிருந்தன என்றார் முதலாளி. ஒரு கூட்டாளியே சரக்கை வாங்கிக்கொள்ளும்போது விலை சொல்பவரும் அவர், வாங்குபவரும் அவர். இந்தக் கணக்கில் சந்தேகம் முளைக்க வாய்ப்பு மிகுந்த இடம் அதுதான். அன்று ஒரு மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார்கள். அவர் இரண்டு பழத்தைக் கையில் ஒடித்துப் பார்த்தார். 650ஐ ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது, வட்டி. பரமக்குடிக்காரர் போட்டதில் எங்கள் 8,000 போக 12,900 ரூபாய் இரண்டு மாதம் முடங்கியது. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் 258 வருகிறது, அதைத் தனியே தரவேண்டும் என்றார். முதலாளி மறுக்கவில்லை. எங்கள் 8,000க்கும் அதே வீதத்தில் 160 உண்டல்லவா என்றார். பிறகு மூத்த கணக்குப்பிள்ளை விளக்கினார். வட்டி ஒருவர் மற்றவருக்குக் கொடுப்பதல்ல. கூட்டு இருவருக்கும் கொடுப்பது. அதனால் 418 ரூபாயும் வெள்ளைத்தாளில் செலவாக ஏறும். லாபம் 4,782 ஆகும். ஆளுக்கு 2,391. அதோடு அவரவர் வட்டியைச் சேர்த்தால் பரமக்குடிக்காரருக்கு 2,649, எங்களுக்கு 2,551. ஆக 258 என்று தொடங்கிய வழக்கில் உண்மையான வித்தியாசம் 49 ரூபாய். இதைக் கேட்டதும் இருவரும் வட்டியே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். 15,500க்கு டிராஃப்ட் எழுதியாயிற்று. வெள்ளைத்தாளில் இருவரும் கையெழுத்திட்டார்கள். பேரேட்டில் கணக்கின் அடியில் இரட்டைக் கோடு போட்டேன்.

சென்ற ஆண்டு இதே போன்ற ஒரு கணக்கைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. ஊர்கள் வேறு, இளைஞர்கள் இருவர். சரக்கு அதே 40 குவிண்டால் வத்தல் என்று வைத்துக்கொள்வோம், ஒப்பிட எளிதாயிருக்கும். குவிண்டால் 15,000 வீதம் சரக்கு 6,00,000. அனுப்பியவர் செலவு 20,000. விற்றவர் செலவு 30,000. வரி நீங்கலாக விற்பனை 7,20,000. லாபம் 70,000. பங்கு ஆளுக்கு 35,000.

1978இல் சரக்கோடு வந்தது லாரி ரசீதும் ஒரு கடிதமும்தான். அன்று சரக்கு இன்னாருடையது என்ற கேள்வி விற்றுத் தீரும்வரை எழவே இல்லை. அது கூட்டுச் சரக்கு. 2017 ஜூலை 1க்குப் பின் அப்படிச் சொல்லமுடியாது. பதிவு பெற்ற இரண்டு வியாபாரிகளுக்கு இடையே சரக்கு நகர்ந்தால் ஒருவர் மற்றவருக்குப் பில் போடவேண்டும். உலர்ந்த மிளகாய்க்கு 5 சதவீத ஜிஎஸ்டி. அனுப்பியவர் 6,20,000க்கும் அதன்மேல் வரி 31,000க்குமாக 6,51,000க்குப் பில் போட்டார். தொகை பெரிதென்பதால் இ-வே பில்லும் சேர்ந்தது. ஏட்டளவில் ஒருவர் விற்றுவிட்டார், மற்றவர் வாங்கிவிட்டார். கூட்டு என்பது இருவர் பேச்சிலும் வாட்ஸப் செய்திகளிலும் மட்டும் இருந்தது.

விற்றவர் தன் செலவைக் கழித்து லாபம் பார்க்க வங்கி அறிக்கையைத் திறந்தார். வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தது வரியோடு சேர்த்து 7,56,000. பில்படி சரக்கு 6,51,000, தன் செலவு 30,000. மீதி 75,000. ஆளுக்கு 37,500 என்று எக்செல் தாளின் படத்தை அனுப்பினார். மற்றவர் தன் கணக்கில் 35,000 என்றார். கூடுதலாகத் தருகிறேன் என்று ஒருவர், வேண்டாம் என்று மற்றவர். இப்படியொரு தகராற்றை நான் அதற்குமுன் கண்டதில்லை.

5,000 ரூபாய் எங்கிருந்து முளைத்தது? விற்றபோது வாங்கிய வரி 36,000. வாங்கியபோது கொடுத்த வரி 31,000. இடையிலுள்ள 5,000 அரசுக்குக் கட்டவேண்டிய பணம். வங்கியில் கிடந்ததால் அது லாபம்போலத் தெரிந்தது. அதைப் பங்கிட்டிருந்தால் அடுத்த மாதம் ஜிஎஸ்டி கட்டும்போது விற்றவர் முழுத் தொகையையும் தன் கையிலிருந்து போட்டிருப்பார். ஆளுக்கு 2,500 கூடுதலாக எடுத்துக்கொண்டு, கடனை மட்டும் ஒருவர் சுமந்திருப்பார்.

மூத்த கணக்குப்பிள்ளையின் சட்டைப்பை விதியேதான் இங்கும் உதவியது. இருவருக்குள் போட்டுக்கொண்ட பில் நினைவுக் கணக்கில் ஏறாது. ஏறவேண்டியது விவசாயிக்குக் கொடுத்த 6,00,000, வெளியாருக்குக் கொடுத்த கூலியும் வாடகையும், வெளியார் கொடுத்த 7,20,000. திரும்ப வரவு கிடைக்கும் வரியும் அரசுக்குப் போகும் வரியும் அந்தத் தாளில் இடம் பெறா. அன்று 8,000 ரூபாய் டிராஃப்ட் வேஷத்தில் வந்த குழப்பம் இன்று பில் வேஷத்தில் வந்தது. விதி மாறவில்லை.

தீர்வும் அப்படியே. அனுப்பியவருக்குச் சேரவேண்டியது பில் 6,51,000, பங்கு 35,000, மொத்தம் 6,86,000. விற்றவர் முன்பே அனுப்பியிருந்த முன்பணம் 3,00,000 போக 3,86,000. இதில் 31,000ஐ அவர் வரியாகக் கட்டவேண்டும். அந்த 35,000 பங்கை எந்தத் தலைப்பில் காட்டுவது, அதற்கும் பில் வேண்டுமா என்பது மட்டும் அன்று இல்லாத கேள்வி. சரக்கு நகருமுன் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி அது. பொதுவான வங்கிக் கணக்கைத் திறந்து, இருவரும் ஒரே பெயரில் வியாபாரம் செய்தால், வரித்துறை அவர்களைத் தனி இருவராகப் பார்க்காமல் ஒரே கூட்டமைப்பாகப் பார்க்கவும் இடமுண்டு.

அன்று டிராஃப்ட் எடுத்து, அனுப்பி, அது வசூலாகி வரப் பல நாள். இன்று 3,86,000 இரவு ஒன்பது மணிக்கு ஆர்டிஜிஎஸ் வழியே போயிற்று. 2020 டிசம்பர் முதல் அது நாள் முழுதும் இயங்குகிறது. அன்று சந்தை விலை ஒருநாள் பிந்தித் தெரிந்தது. இன்று ஒரே நொடியில் இருவருக்கும் தெரிகிறது. 650ஆ 700ஆ என்று மூட்டையை அவிழ்க்க அவசியமில்லாதபடி விற்ற ஒவ்வொரு பில்லும் எண்ணோடு நிற்கிறது. விற்ற விலையைக் குறைத்துச் சொல்லும் பழைய தந்திரம் இன்று கடினம். அன்று மதுரைச் சீமையில் எத்தனை கூட்டுகள் அந்த ஒரு சந்தேகத்தில் முறிந்தன என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். அந்தச் சந்தேகம் குறைந்தது சிறிய லாபம் அல்ல.

சொல்லும் மாறிவிட்டது. 'ஜாயிண்ட் வெஞ்சர்' என்றால் 1978இல் வணிகவியல் படித்தவருக்கு இப்படி ஒரு பருவத்துச் சரக்கு நினைவுக்கு வரும். 1982இல் மாருதியும் ஜப்பானின் சுசூகியும் கைகோத்தபின் அந்தச் சொல் கம்பெனிகளுக்கு உரியதாயிற்று. 2011இல் வெளிவந்த 11ஆம் பன்னாட்டு நிதி அறிக்கைத் தரமும், அதைத் தழுவிய இந்தியாவின் 111ஆம் தரமும், கூட்டாளிகளுக்கு நிகரச் சொத்தில் மட்டும் உரிமையுள்ள ஏற்பாட்டைத்தான் அந்தச் சொல்லால் குறிக்கின்றன. பெரும்பாலும் அது தனி நிறுவனமாகவே இருக்கும். எங்கள் முதலாளி செய்தது அந்தத் தரத்தின் கண்ணில் வேறு வகை: சொத்திலும் கடனிலும் நேரடி உரிமையுள்ள கூட்டுச் செயல்பாடு. 'மெமோரண்டம்' என்ற சொல் மட்டும் டேலி மென்பொருளில் ஒரு வவுச்சரின் பெயராகத் தங்கியிருக்கிறது. பழைய வெள்ளைத்தாளைப் போலவே அதுவும் கணக்கு எதையும் பாதிக்காது, குறித்து மட்டும் வைக்கும்.

இழந்தது எது என்று கேட்டால், பாயில் விரிந்த அந்த ஒரு மதியத்தைத்தான் சொல்வேன். இரண்டு பேரேடும் ஒரே இடத்தில் திறந்ததால் ஒருவர் எழுதியதை மற்றவர் தன் கண்ணால் படித்தார். இன்று அவரவர் மென்பொருளில் அவரவர் பக்கம் பிழையின்றி இருக்கிறது. ஐந்தொகை தானே பொருந்துகிறது. அதனாலேயே, தன் பக்கம் பொருந்திவிட்டால் முழுக் கணக்கும் பொருந்திவிட்டது என்று இருவரும் எண்ணிக்கொள்கிறார்கள். நான் சரிபார்த்த இளைஞர்கள் இருவரும் நேர்மையானவர்கள், இருவர் ஏட்டிலும் தவறில்லை. ஆனாலும் இரண்டுக்கும் நடுவில் இருக்கவேண்டிய தாளை இருவரும் சேர்ந்து எழுதவில்லை.

அன்று மாலை அவர்களை எதிரெதிரே உட்காரவைத்து, ஒரு வெள்ளைத்தாளில் செலவை இடப்பக்கமும் வருமானத்தை வலப்பக்கமும் எழுதச் சொன்னேன். கால் மணி நேரத்தில் 70,000 வந்தது. ஒருவர் கணினியில் 3,86,000 வரவேண்டியதாகவும், மற்றவர் கணினியில் அதே 3,86,000 தரவேண்டியதாகவும் நின்றது. அதன்பிறகுதான் பணம் போயிற்று.

இருவர் சேர்ந்து ஒரு சரக்கை வாங்கி விற்பவர்கள் இந்த வரிசையை மாற்றவேண்டாம். முதலில் சட்டைப்பைப் பணம் எதுவும் ஏறாத அந்த ஒற்றைத்தாளை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அடுத்து அவரவர் ஏட்டில் பங்கை ஏற்றி, இரண்டிலும் மீதி ஒன்றாக நிற்கிறதா என்று பாருங்கள். பணத்தைக் கடைசியில் அனுப்புங்கள்.